ஒரு தாளில் இரு மொழி: கொசு சுவரொட்டி ஒன்றின் கதை

‘உங்கள் வீட்டில் கொசுக்கள் இனப்பெருக்கம் செய்ய அனுமதிக்காதீர்கள்.’ அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்ட் பக்கத்தில், டெங்கு எச்சரிக்கைச் சுவரொட்டியில் இருக்கும் வரி என்று வைத்துக்கொள்வோம். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் தமிழ் பேசும் எந்த வீட்டிலும் கொசுவுக்கு அனுமதி கொடுப்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை. அந்த வரிக்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில் ஆங்கிலம் இருக்கும்: ‘டோன்ட் லெட் மஸ்கிட்டோஸ் ப்ரீட் இன் யுவர் ஹோம்.’ அதைப் பார்த்ததும் கதை புரிந்துவிடுகிறது. முதலில் ஆங்கிலச் சுவரொட்டி தயாரானது. பிறகு யாரோ ஒருவரிடம் வரியைக் கொடுத்துத் தமிழாக்கி வாங்கினார்கள். கடைசியில், ஆங்கிலத்துக்குக் கீழே மிஞ்சியிருந்த இடத்தில் தமிழைத் திணித்தார்கள்.

இரு மொழிச் சுவரொட்டிகள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். வரி எழுதுவது ஒருவர் வேலை, அதை அடுக்குவது இன்னொருவர் வேலை என்று பிரித்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே மேசையில் நடந்தால்தான் இரண்டு மொழியும் தத்தம் இயல்பில் வந்து உட்காரும். அது எப்படி நடக்கிறது என்பதை இந்தக் கொசு சுவரொட்டியையே மறுபடி தொடக்கத்திலிருந்து செய்துபார்த்துச் சொல்லலாம்.

முதலில் எண்ணிப் பார்ப்போம். அந்த ஆங்கில வரியில் 32 எழுத்துகள். தமிழ் வரியில் 34. ஏறத்தாழ சமம்தானே என்று தோன்றும். ஆனால் தமிழ் எழுத்து சராசரியாக ஆங்கில எழுத்தைவிட நன்றாக அகலம். ‘கொ’ என்பது எண்ணிக்கையில் ஓர் எழுத்து. தாளில் அது கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டுகள் பிடிக்கும் இடத்தைப் பிடிக்கும். அது போக, ஆங்கிலத்தில் இடைவெளி விட்டுத் தனித்தனியாக நிற்கும் சிறு சொற்கள் தமிழில் விகுதியாகி ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்கின்றன. ‘அனுமதிக்காதீர்கள்’ மட்டும் பத்து எழுத்து. அதைத் தலைப்பு எழுத்தில் உடைக்கவும் முடியாது. எனவே அந்த ஒரு சொல் எவ்வளவு அகலமோ, அதுவே வரி முழுவதற்கும் எழுத்தின் அளவைத் தீர்மானித்துவிடுகிறது. சுவரொட்டியில் தமிழ் சிறுத்துப்போவதற்கு முதல் காரணம் வடிவமைப்பாளரின் அலட்சியம் என்று சொல்வது வழக்கம். பல நேரங்களில் குற்றவாளி இப்படிப்பட்ட ஒரு சொல்தான்.

தீர்வு, மொழிபெயர்ப்பைச் சுருக்குவது அல்ல. இரண்டு மொழிக்கும் பொதுவான செய்தியிலிருந்து இரண்டு வரிகளைப் புதிதாக எழுதுவது. செய்தி என்ன? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது. முட்டை முழுக்கொசுவாக வளர ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரத்துக்கு ஒருமுறை தொட்டி, வாளி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிடச் சொல்கிறார்கள். இதில் கண்ணில் குத்தும் ஒரே விஷயம் அந்த ஏழு. எண் என்பதால் அதற்கு மொழியும் இல்லை.

தமிழில் ‘7 நாள் போதும், கொசு பிறக்க’ என்று எழுதலாம். ‘கொசு பிறக்க 7 நாள் போதும்’ என்பது நேர்முறை. பேச்சில் அழுத்தம் கொடுக்கும்போது முன்னதும் தானாக வாயில் வரும். ஆங்கிலத்தில் ‘செவன் டேஸ் இஸ் ஆல் எ மஸ்கிட்டோ நீட்ஸ்’. ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பு அல்ல. ஆனால் இரண்டும் ஒரே செய்தி, இரண்டும் ஏழில் தொடங்குகின்றன. ஏழை நீக்கிவிட்டால் தமிழில் 11 எழுத்து, ஆங்கிலத்தில் 23. தமிழ் எழுத்தின் அகலத்தைக் கணக்கில் எடுத்தால், ஒரே புள்ளி அளவில் அச்சிடும்போது இரண்டு வரியும் கிட்டத்தட்ட ஒரே நீளத்துக்கு வந்துவிடும். இரு மொழித் தலைப்புக்கு இது நல்ல அடையாளம்: தமிழின் எழுத்து எண்ணிக்கை ஆங்கிலத்தில் பாதியளவு இருந்தால் இரண்டையும் இழுத்துப் பிடிக்காமல் அடுக்க முடியும்.

இனி தாள். ஏ2 அளவு என்று கொள்வோம். 420 மில்லிமீட்டர் அகலம், 594 உயரம். இருபக்கமும் 30 மி.மீ. மார்ஜின் விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது 360. தமிழ்த் தலைப்பை ஒரே வரியாக நிறுத்தினால், எழுத்துருவைப் பொறுத்துக் கொஞ்சம் மாறினாலும், ‘ப’ என்ற எழுத்து 13, 14 மி.மீ. உயரத்துக்கு மேல் போகாது. பெயர்ப்பலகை எழுதுவோரிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயர எழுத்து. அப்படிப் பார்த்தால் 14 மி.மீ. எழுத்தை ஐந்தாறு அடிக்குள் நின்றுதான் வசதியாகப் படிக்க முடியும். லிஃப்ட் வரும்வரை காத்திருப்பவர் எட்டடி தள்ளி நிற்பார். அந்தக் கணக்குகூட ஆங்கிலப் பெரிய எழுத்துகளை வைத்துச் சொல்லப்பட்டது. சுழியும் மடிப்பும் நிறைந்த தமிழுக்கு இன்னும் தாராளம் தேவை.

எனவே வரியை இரண்டாக உடைக்க வேண்டும். ‘7 நாள் போதும்,’ என்பது மேல்வரி. ‘கொசு பிறக்க’ என்பது கீழ்வரி. இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலம். அதைவிட முக்கியம், மூச்சு விடும் இடத்தில் உடைகிறது. ஆங்கிலமும் அதே போல ‘டேஸ் இஸ் ஆல்’ என்று ஒரு வரி, ‘எ மஸ்கிட்டோ நீட்ஸ்’ என்று ஒரு வரி. அந்த ‘எ’ மேல்வரியின் கடைசியில் தொங்கினால் ஆங்கிலம் படிப்பவர் தடுமாறுவார். தமிழ் வடிவமைப்பாளர்கள் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை, தமிழ் தெரியாத வடிவமைப்பாளர்கள் நம் வரியை எங்கே உடைக்கக்கூடாது என்று கவனிக்காதது போலவே.

அந்த ஏழை என்ன செய்வது? இரண்டு வரியிலும் தனித்தனியாக அச்சிட வேண்டியதில்லை. ஒரே ஒரு பெரிய 7-ஐ இடப்பக்கத்தில், தமிழ் இரண்டு வரி, ஆங்கிலம் இரண்டு வரி ஆகிய நான்கின் உயரத்துக்கும் நிறுத்திவிடலாம். ஏறத்தாழ 140 மி.மீ. உயரம் வரும். அதன் வலப்பக்கம் மேலே தமிழ், கீழே ஆங்கிலம், இரண்டும் ஒரே இடது விளிம்பிலிருந்து தொடங்கும். தமிழ் படிப்பவர் ஏழிலிருந்து மேலே போகிறார், ஆங்கிலம் படிப்பவர் ஏழிலிருந்து கீழே வருகிறார். இந்த அமைப்பில் தமிழ் ‘ப’வுக்கு 20 மி.மீ. உயரம் கிடைத்துவிடும். எட்டடிக்குப் போதும்.

எழுத்தின் அளவு என்ற இடத்தில் கணினி ஏமாற்றும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே புள்ளி எண்ணைத் தட்டிவிட்டால் இரண்டும் ஒரே அளவு என்று நினைத்துவிடுகிறோம். புள்ளி எண் சொல்வது எழுத்து உட்கார்ந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத கட்டத்தின் உயரத்தை. அந்தக் கட்டத்துக்குள் எழுத்தை எவ்வளவு பெரிதாக வரைவது என்பது எழுத்துருவைச் செய்தவர் எடுத்த முடிவு. ஆகவே அளவுகோலை எடுக்க வேண்டும். மேலும் கீழும் எதுவும் நீளாத தமிழ் எழுத்து ஒன்றை, ‘ப’ அல்லது ‘ட’ போன்றதை, அச்சிட்டு அளந்துகொள்ளலாம். ஆங்கிலத்தில் அதே போல மேலும் கீழும் நீளாத சிறிய ‘எக்ஸ்’ எழுத்தை அளக்கலாம். ஒரே புள்ளியில் தமிழ் 12 மி.மீ., ஆங்கிலம் 10 மி.மீ. வந்தால், இரண்டும் சமமாகத் தெரிய ஆங்கிலத்தை 1.2 மடங்கு ஏற்ற வேண்டும் என்று பொருள். இது தொடக்கப் புள்ளி மட்டுமே. அதன் பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, எந்த மொழி கருப்பாகத் திரண்டு தெரிகிறது என்று பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும்.

சமமாக இருக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகைகளுக்கு அரசு விதித்திருக்கும் விகிதம் 5:3:2. தமிழுக்கு ஐந்து, ஆங்கிலத்துக்கு மூன்று, பிற மொழிக்கு இரண்டு. சுவரொட்டிக்கு அந்த விதி பொருந்தாவிட்டாலும், ஐந்துக்கு மூன்று என்பது வடிவமைப்பின் கண்ணோடு பார்த்தாலும் மோசமான விகிதம் அல்ல. ஒன்று தலைப்பு, மற்றது துணை என்று பார்த்த கணத்தில் புரிந்துவிடும்; துணையும் படிக்கும் அளவில் இருக்கும். பத்துக்கு ஒன்பது என்று வைத்தால்தான் சிக்கல். சமமா, இல்லையா என்று தெரியாமல் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும்.

தமிழைப் பெரிதாக வைத்த பிறகும் ஆங்கிலமே முன்னால் வந்து நிற்கிறது என்றால், பெரும்பாலும் காரணம் ஆங்கிலப் பெரிய எழுத்துகள். ஆங்கிலத் தலைப்பு முழுவதையும் பெரிய எழுத்தில் அடிப்பது நம் ஊர் ஃபிளெக்ஸ் கடைகளில் ஊறிய பழக்கம். மேலும் கீழும் எதுவும் நீளாததால் அது செங்கல் சுவர்போல் ஒரே பட்டையாகத் தெரியும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது. ஒரு கொக்கி மேலே போகும், ஒரு கால் கீழே இறங்கும், வரியின் விளிம்பு ஏறி இறங்கும். பட்டையும் அலையும் அருகருகே இருந்தால் கண் பட்டையைத்தான் முதலில் பிடிக்கும். முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கி மற்றதைச் சிறிய எழுத்தில் அடித்தால் ஆங்கிலத்துக்கும் அதே ஏற்ற இறக்கம் வந்துவிடுகிறது. இரண்டு வரியும் உறவுக்காரர்கள் மாதிரித் தெரியத் தொடங்குவது அப்போதுதான். நம் சுவரொட்டியில் முதல் இடத்தில் ஏழு இருப்பதால் அந்த ஒரு பெரிய எழுத்துகூடத் தேவைப்படாது.

சாய்வெழுத்தும் இப்படியே. ஆங்கிலத்தில் அது நானூறு, ஐந்நூறு ஆண்டு வழக்கம். தனியாக வரையப்பட்ட எழுத்து. தமிழில் அப்படியொரு மரபு இல்லை. மென்பொருளில் பொத்தானை அழுத்தினால் நேரெழுத்தைப் பிடித்துச் சாய்த்துத் தருகிறது, அவ்வளவுதான். ஆங்கிலச் சொல்லைச் சாய்த்து அழுத்தம் கொடுத்திருந்தால், தமிழில் அதே வேலையைத் தடித்த எழுத்தோ வண்ணமோ செய்யட்டும்.

வரிகளுக்கு நடுவே விடும் இடைவெளியை அச்சுக்காரர்கள் லீடிங் என்பார்கள். ஆங்கிலத் தலைப்புகளை நெருக்கமாக அடுக்குவது இப்போதைய பாணி. எழுத்தின் அளவும் வரி இடைவெளியும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். தமிழை அதே நெருக்கத்தில் வைத்தால் மேல்வரியின் ‘சு’, ‘பு’, ‘வு’ இவற்றின் கால்கள், கீழ்வரியின் ‘பி’, ‘நீ’ கொக்கிகளிலும் மெய்யெழுத்துப் புள்ளிகளிலும் போய் இடிக்கும். எழுத்தின் அளவைப்போல் 1.4 மடங்கு விட்டுத் தொடங்குவது பாதுகாப்பு. எழுத்துருவைப் பார்த்துப் பிறகு குறைக்கலாம்.

நம் சுவரொட்டியில் மோதல் நடக்கும் இடத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம். தமிழின் கீழ்வரியில் ‘கொசு’வின் ‘சு’வும், ‘பிறக்க’வின் ‘ற’வும் கீழே இறங்குகின்றன. அவற்றுக்குக் கீழே ஆங்கிலத்தின் முதல் வரியில் ‘டேஸ்’ சொல்லின் முதல் எழுத்தும், ‘ஆல்’ சொல்லின் இரண்டு ‘எல்’களும் உயர்ந்து நிற்கின்றன. நடுவில் இடைவெளி குறைந்தால் ‘சு’வின் காலும் ஆங்கிலக் குச்சியும் ஒட்டிப் புதிதாக ஓர் எழுத்து பிறந்துவிடும். அதற்காக இடைவெளியை அள்ளிக் கொடுத்தாலும் தவறு. தமிழ்த் தலைப்புக்கும் அதன் ஆங்கில இணைக்கும் நடுவே உள்ள தூரம், அந்த இணைக்கும் கீழே வரும் அடுத்த செய்திக்கும் நடுவே உள்ள தூரத்தைவிடத் தெளிவாகக் குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த ஆங்கிலம் எந்தத் தமிழுக்குத் துணை என்பதே தெரியாது. இரண்டு மொழிக்கும் நடுவே கோடு போட்டுப் பிரிப்பவர்கள் பெரும்பாலும் இந்தத் தூரத்தைச் சரிசெய்ய மறந்தவர்கள்.

அடுத்த செய்தி, செய்ய வேண்டிய வேலை. ஆங்கிலத்தில் ‘எம்ப்டி ஸ்டாண்டிங் வாட்டர் எவ்ரி வீக்’. தமிழில் முதலில் தோன்றுவது ‘வாரம் ஒருமுறை தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள்’. வாய்விட்டுப் படித்தால் உதைக்கும்: வாரம் ஒருமுறை கொட்ட வேண்டுமா, அல்லது வாரம் ஒருமுறை தேங்கிய தண்ணீரா? சொல்லை இடம் மாற்றி ‘தேங்கிய தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டுங்கள்’ என்றால் குழப்பம் போய்விடும். மாற்றும்போது ஒரு சிறிய எழுத்தையும் அகற்ற வேண்டும். ‘தண்ணீரைக்’ என்பதில் இருந்த ‘க்’, அடுத்து ‘கொட்டுங்கள்’ வந்ததால் வந்தது. இப்போது அடுத்து ‘வாரம்’ வந்துவிட்டதால் அதற்கு அங்கே வேலை இல்லை. அடுக்குபவர் இடவசதிக்காகச் சொல்லை இடம் மாற்றும்போது இந்த ஒற்று பழைய இடத்திலேயே அநாதையாக நின்றுவிடுகிறது. அச்சான சுவரொட்டிகளில் காணும் சந்திப் பிழைகளில் கணிசமானவை எழுதியவர் செய்தவையாக இல்லாமல், அடுக்கும்போது உண்டானவையாக இருக்க இதுவே காரணம்.

ஆங்கிலம் இங்கே ‘எம்ப்டி’ என்று வெறும் ஏவலில் ஆணையிடுகிறது. அது அந்த மொழியில் மரியாதைக் குறைவு அல்ல. தமிழில் ‘கொட்டு’ என்று போட்டால் குடியிருப்புச் சங்கத்தில் சண்டை வரும். ‘கொட்டவும்’ என்றால் ஓரெழுத்து மிச்சம், ஆனால் அலுவலகச் சுற்றறிக்கை வாடை. ‘கொட்டிடுங்க’ என்பது வாட்ஸாப்புக்குப் பொருந்தும். சுவரில் நின்று அண்டை வீட்டாரிடம் பேசும் குரலுக்கு ‘கொட்டுங்கள்’ சரி. அதன் ஆறு எழுத்துக்கும் இடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இடம் போதவில்லை என்று வினையின் மரியாதையைக் குறைப்பது அடுக்குபவரின் அதிகாரத்தில் இல்லை.

இந்த வரியில் இன்னொரு பொறி காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் வினை முதலில் வருகிறது, தமிழில் கடைசியில். ஆங்கில வரியின் முதல் சொல்லைச் சிவப்பாக்கிய வடிவமைப்பாளர், தமிழ் தெரியாதவர் என்றால், அதே இடத்தில் இருக்கும் தமிழ்ச் சொல்லையும் சிவப்பாக்கிவிடுவார். ‘தேங்கிய’ மட்டும் சிவப்பாக எரியும். சிவப்பு சேர வேண்டிய இடம் வரியின் மறுகோடியில் இருக்கும் ‘கொட்டுங்கள்’. எந்தச் சொல்லுக்கு எது இணை என்பதைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டிய கைப்பிரதி ஒன்று வடிவமைப்பாளர் கையில் இருந்தால் இந்தத் தவறு நடக்காது. தமிழ் தெரிந்த வடிவமைப்பாளர் இதையே தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். தமிழ் வரி மேலே, ஆங்கில வரி கீழே. தமிழை மூன்றாக உடைத்து வினையை மட்டும் கடைசி வரியில் நிறுத்தினால், ‘கொட்டுங்கள்’ என்ற சொல்லுக்கு நேர்க்கீழே ஆங்கிலத்தின் முதல் சொல் ‘எம்ப்டி’ வந்து நிற்கும். இரண்டு மொழியின் வினையும் சுவரொட்டியின் நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, இரண்டும் சிவப்பில். இரண்டு இலக்கணமும் எதிரெதிராக நடப்பதால் மட்டுமே கிடைக்கும் வசதி இது.

எழுத்துரு தேர்வில் முன்பிருந்த வறுமை இன்று இல்லை. ஆங்கிலமும் தமிழும் ஒரே கையால் அல்லது ஒரே குழுவால் இணைத்து வரையப்பட்ட இலவச எழுத்துருக் குடும்பங்கள் பல இருக்கின்றன. பிரியா இரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான் அவற்றில் ஒன்று. மிக மெல்லியதிலிருந்து மிகத் தடித்ததுவரை ஒன்பது தடிமன்கள் அதில் உண்டு. ஏக் டைப் குழுவின் முக்தா மலர், பலூ தம்பி, அனேக் தமிழ் ஆகியவையும் ஆங்கிலத்தோடு சேர்ந்தே வருபவை. அனேக் தமிழில் எழுத்தின் தடிமனோடு அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம் என்பது, வரி நீளத்தோடு மல்லுக்கட்டும் சுவரொட்டிக்காரருக்குப் பெரிய வசதி. எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கி இடத்துக்குள் அடைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. நசுக்கினால் நிற்கும் கோடுகள் மெலிந்து, படுத்த கோடுகள் தடித்தே இருக்கும். குறுகலாகவே வரையப்பட்ட எழுத்தில் அந்தக் கோணல் வராது.

தடிமனில் மட்டும் ஓர் எச்சரிக்கை. ஆங்கிலத்துக்கு மிகத் தடித்த எழுத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதே பெயருள்ள தடிமனைத் தமிழுக்கும் கொடுத்தால், ‘ண’, ‘ஞ’, ‘இ’ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைபட்டு மைத்துளியாகத் தெரியலாம். ஃபிளெக்ஸில் தூரத்திலிருந்து பார்க்கும்போது இன்னும் மோசம். தமிழை ஒருபடி மெலிதாக வைத்து, அளவைக் கொஞ்சம் ஏற்றினால் இரண்டும் ஒரே கனத்தில் தெரியும்.

எழுத்துகளுக்கு நடுவே காற்று விட்டுப் பரப்பும் ட்ராக்கிங்கும் தமிழுக்கு எதிரி. ஆங்கிலப் பெரிய எழுத்துகளைப் பரப்பினால் நாகரிகமாகத் தெரியும். தமிழில் ‘கொ’வைப் பரப்பினால் பல மென்பொருள்களில் கொம்பு ஒருபக்கம், ககரம் நடுவில், கால் இன்னொரு பக்கம் என்று பிரிந்துபோகும். வாசகர் அதை ஓர் எழுத்தாகக் கூட்டிப் படிக்க ஒரு கணம் திணறுவார்.

பிரிவதைவிட மோசமானது உடைவது. ‘கொ’ என்பது யூனிகோடு முறையில் ககரம், அதன் பின் உயிர்க்குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது திரையில் காட்டும் மென்பொருளின் வேலை. அந்த வேலையை முடக்கி வைத்திருக்கும் வடிவமைப்பு மென்பொருளில் தமிழை ஒட்டினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் உட்காரும், அல்லது தனிக் கொம்புக்குப் பக்கத்தில் புள்ளியிட்ட வட்டம் ஒன்று தோன்றும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு அதுவும் தமிழ் மாதிரியே தெரியும். நான்கு ஆட்சிமொழிகளில் அறிவிப்பு வெளியிடும் சிங்கப்பூரில்கூட, 2017-இல் தேசிய நாள் கையேட்டில் தமிழ் வரி பிழையாக அச்சாகி ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது.

இன்டிசைனில் பத்தி அமைப்புப் பட்டியலில் `Adobe World-Ready Paragraph Composer` என்பதைத் தேர்ந்தெடுத்தால் கொம்புகள் இடத்துக்கு வந்துவிடும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் விருப்ப அமைப்புகளின் எழுத்துப் பகுதியில் `World-Ready Layout` இருந்தது. பழைய யூனிகோடல்லாத எழுத்துருக்களில் வேலை செய்யும் கடைகளில் சிக்கல் வேறு மாதிரி. பாமினி போன்றவற்றில் தமிழ் என்பது ஆங்கில விசைகளின் மேல் போர்த்திய வடிவம்தான். இரண்டு வரியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஒரே ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றினால், ‘தமிழ்’ என்ற சொல் `jkpo;` என்று திரையில் பல்லைக் காட்டும். யூனிகோடு உரையை அந்த எழுத்துருவில் ஒட்டினாலும் சரிவராது. முதலில் உரையையே மாற்றி எடுக்க வேண்டும்.

கொசு சுவரொட்டிக்கு இங்கே ஓர் அதிர்ஷ்டம். ‘கொசு’, ‘டெங்கு’, ‘போதும்’ என்று அதன் முக்கியச் சொற்கள் எல்லாமே கொம்பில் தொடங்குகின்றன. எழுத்து உடைந்திருந்தால் முதல் பார்வையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். கொம்பே வராத வரி என்றால், ப்ரூஃபில் மட்டும் ஓரமாக ‘கொசு’ என்று தட்டிப் பார்த்துவிட்டு அழிப்பது நல்ல பழக்கம்.

ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பும்போது எழுத்தை ‘கர்வ்’ ஆக மாற்றித் தரச் சொல்வார்கள். எழுத்து வெறும் கோட்டுப் படமாகிவிடுவதால் அந்தக் கடையில் நம் எழுத்துரு இல்லாவிட்டாலும் வடிவம் மாறாது. மாற்றிய பிறகு ஒற்றைக்கூடத் திருத்த முடியாது என்பதால், திருத்தக்கூடிய மூலக்கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி நிமிடத்தில் கடைக்காரரே கூட்டத்தின் தேதியை மாற்றித் தட்டித் தந்தால், அந்த ஒரு வரி மட்டும் வேறு எழுத்துருவில் வந்து நிற்கும். எனவே தேதி மாற்றமும் மூலக்கோப்பிலிருந்தே போகட்டும்.

மாற்றுவதற்கு முன் ஏ4 தாளில் ஓர் அச்சு எடுத்து, இரண்டு சோதனைகள் செய்யலாம். ஆங்கிலப் பகுதியைக் கையால் மறைத்தால் மிச்சம் இருக்கும் தமிழ், தனியாக நிற்கும் முழுச் சுவரொட்டியாகத் தெரிகிறதா? தமிழை மறைத்தால் ஆங்கிலம் தெரிகிறதா? பாதிச் செய்தி ஒரு மொழியில், மீதி இன்னொன்றில் என்று பிரிந்திருந்தால் இங்கே பிடிபட்டுவிடும். இரண்டாவது, சுவரொட்டி வேலையில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்வது. நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே வரி தவறான இடத்தில் உடைந்திருக்கிறது, அல்லது தமிழுக்குள்ளே ஆங்கில வாக்கியம் ஒளிந்திருக்கிறது.

இதே சுவரொட்டியைக் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவுக்குச் சதுரமாகக் கேட்பார்கள். நீள்சதுரத்தை அப்படியே சுருக்கி நடுவில் வைத்தால் ஆங்கிலம் கைபேசியில் எறும்பாகிவிடும். ஏழை இடப்பக்கத்திலிருந்து எடுத்து உச்சியில், நடுவில் வைக்கலாம். அதன் கீழே தமிழ் இரண்டு வரி, அதன் கீழே ஆங்கிலம், இப்போது எல்லாமே நடுச்சீரில். தண்ணீரைக் கொட்டச் சொல்லும் இரண்டாவது இணைக்கு அங்கே இடம் இருக்காது. அதைப் படத்திலிருந்து எடுத்துவிட்டு, படத்தோடு அனுப்பும் செய்தியில் தட்டிவிடலாம். அங்கே மட்டும் ‘கொட்டிடுங்க’ என்றே இருக்கட்டும்.